ஒன்பது டீ இரண்டானபோது

"ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று மருத்துவர் கேட்டார். "நாலு, அஞ்சு இருக்கும் டாக்டர்" என்றார் அவர். கூட வந்திருந்த மனைவி, "வீட்டுலயே ரெண்டு குடிக்கிறாரே, வெளியில எத்தனைன்னு கேளுங்க" என்றார்.

எழும்பூர் ரயில் நிலையத்தின் அருகே வண்டி போடும் டாக்ஸி ஓட்டுநர் அவர். வயது 46. ஸ்டாண்டில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருப்பதாகச் சொல்லி, வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். பார்த்ததில் 112 வந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 சதவீதம். இன்னும் நீரிழிவு ஆகவில்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறார் என்பது இதன் பொருள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையும் இருந்தால் அதை முன்நீரிழிவு என்கிறார்கள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு, இந்தியாவில் சுமார் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாது. இவருக்கும் தெரியவில்லை.

மருத்துவர் ஒரு தாளை எடுத்து, முந்தைய நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். விடியற்காலை நாலரைக்கு வீட்டில் ஒரு டீ. தென்மாவட்ட ரயில்கள் வந்து சேரும் நேரத்தில் ஸ்டாண்டில் ஒன்று. மீனம்பாக்கத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழியில் ஒன்று. பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று, மூன்று மணித் தூக்கத்துக்கு ஒன்று, சாயங்காலம் சவாரிக்குக் காத்திருக்கையில் ஒன்று, நண்பர் வாங்கிக் கொடுத்தது ஒன்று, வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒன்று. எண்ணிப் பார்த்தபோது ஒன்பது வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. டீக்கடைக் கிளாஸ் நூறு மில்லிதான், நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டதை நினைவில் வைத்துக்கொள்கிற மனது, இப்படி நின்று குடித்ததை எண்ணுவதில்லை.

அந்த நூறு மில்லிக்குள் சர்க்கரை எவ்வளவு? சொல்லாவிட்டால் பெரும்பாலான கடைகளில் சுமார் இரண்டு சின்ன ஸ்பூன் போடுவார்கள். அது எட்டிலிருந்து பத்து கிராம் வரை. ஒன்பது கிளாஸ் என்றால் ஏறக்குறைய 80 கிராம். மாதத்துக்கு 2.4 கிலோ. அரிசி அட்டை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கே ரேஷனில் மாதம் அதிகபட்சம் 2 கிலோ சர்க்கரைதான். ஒரு வீட்டுக்கு அரசு கொடுப்பதைவிட அதிகமான சர்க்கரையை அவர் ஒருவரே டீயில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது மனைவிதான். மருத்துவர் சொன்ன எந்த எண்ணையும்விட அதுதான் அவருக்கு உறைத்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு உணவில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் இதில் விலக்கு கிடையாது. நிறமும் மணமும் மாறினாலும் ரத்தத்தில் சேருவது ஏறக்குறைய அதேதான். 25 கிராமுக்குள் இரண்டு டீ வசதியாக அடங்கும், பாயசத்துக்கோ பலகாரத்துக்கோ கொஞ்சம் இடமும் மிஞ்சும். இரண்டு என்ற எண்ணிக்கை அப்படித்தான் முடிவானது.

படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அவரோ மறுநாளே இரண்டில் நின்றார். அன்று சாயங்காலமே நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. அடுத்த நாள் அது தலை முழுக்கப் பரவியது, சின்ன விஷயத்துக்கெல்லாம் பயணிகளிடம் எரிந்து விழுந்தார். சர்க்கரை குறைந்ததால்தான் இப்படி ஆகிறது என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். அது சர்க்கரையின் வேலை அல்ல, காஃபினின் வேலை.

நாள் முழுக்க உழைக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபின் அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறது. தினமும் இப்படி நடந்தால், மூளை அடினோசினுக்காகக் கூடுதல் இடங்களை உண்டாக்கிக்கொள்கிறது. திடீரென டீ நின்றதும் அத்தனை இடங்களும் காலியாகி, அடினோசின் மொத்தமாக வந்து உட்காருகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தலை வலிக்கிறது, கண் சொருகுகிறது. கடைசி டீ குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். முதல் இரண்டு நாட்கள்தான் கடுமையாக இருக்கும், சிலருக்கு ஒன்பது நாள் வரை நீளும். வீட்டில் இருப்பவர் படுத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இது ஆபத்து. ஜிஎஸ்டி சாலையில் ஒரு சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் தான் கண்ணயர்ந்ததே அவருக்குத் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தார். அரை மணியில் வலி இறங்கியது.

அதன்பின் மருத்துவர் சொன்ன வழிக்கே வந்தார். முதலில் ஐந்து, சில நாள் கழித்து நான்கு, பிறகு மூன்று. மூன்றாவது வாரத்தில் இரண்டு. தலைவலி திரும்ப வரவில்லை. கூடவே ஒவ்வொரு கிளாஸிலும் சர்க்கரையைக் குறைத்தார். இதற்கு நேரம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாஸ்டர் கிளாஸ்களை வரிசையாக வைத்து முதலில் சர்க்கரையைத்தான் போடுவார், அப்புறம்தான் டிகாஷனும் பாலும். டீ கைக்கு வந்த பிறகு "சர்க்கரை கம்மியா கேட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை. "மாஸ்டர், நமக்கு அரைச் சர்க்கரை" என்று கடைக்குள் நுழையும்போதே குரல் கொடுக்கப் பழகினார். சர்க்கரையை முன்கூட்டியே பாலில் கலந்து வைக்கும் கடைகளை விட்டுவிட்டார்.

எண்ணிக்கையைக் குறைப்பதைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. ஒன்பதில் நாலைந்து டீ உண்மையில் பசிக்காகக் குடித்தவை. காலைச் சாப்பாடு என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. சவாரியை விட மனம் வராமல் இரண்டு டீயும் ஒரு பொறையும் சாப்பிட்டே மதியம் வரை ஓட்டிவிடுவார். டீயை எடுத்ததும் பத்து மணிக்குக் கை நடுங்குகிற மாதிரி பசித்தது. இப்போது எட்டரைக்குள் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிடுகிறார். நாலு மணிப் பசிக்கு வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று டேஷ்போர்டில் இருக்கிறது. தண்ணீர் குடிப்பதுதான் இன்னும் தகராறு. எங்கே கழிப்பறை கிடைக்கும் என்ற பயத்தில் சென்னை ஓட்டுநர்கள் பலர் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள். இது அவர்களுடைய சோம்பல் அல்ல, நகரம் அவர்களுக்குச் செய்து தராத வசதி. ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் என்று தெரிந்த இடங்களைக் கணக்கில் வைத்துக்கொண்டு அவர் தண்ணீர் குடிக்கிறார்.

முதலில் மாறியது மதியத் தூக்கம். மூன்று மணிக்குக் கண் கனப்பதைப் போக்கத்தான் டீ என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார். அந்த டீயை விட்ட பிறகு அந்தக் கனமே குறைந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சர்க்கரை உற்சாகம் தருகிறது என்ற நம்பிக்கையை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஒரு அலசல் மறுத்தது. சர்க்கரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் சோர்வு கூடுவதும் விழிப்பு குறைவதும்தான் அதில் தெரிந்தது. இரண்டாவது காரணம் இரவுத் தூக்கம். குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து வெளியேற ஐந்து மணி நேரம் போல ஆகும். ராத்திரி ஒன்பது மணி டீயின் பாதி, அவர் புரண்டு படுக்கும் இரண்டு மணிக்கும் வேலை செய்துகொண்டிருந்தது. கடைசி டீயை நாலு மணிக்கு நகர்த்தியதும் படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கினார். இரவு நன்றாகத் தூங்கியவருக்கு மதியம் டீ தேவைப்படவில்லை.

நெஞ்செரிச்சலும் குறைந்தது. வெறும் வயிற்றில் அடுத்தடுத்துக் குடித்த டீக்கு அதில் பங்கு உண்டு. பல் கூச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் வாயில் உள்ள கிருமிகள் அமிலம் சுரந்து, அரை மணி நேரமாவது பல்லை அரிக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது முறை அது நடந்திருக்கிறது. டீயைக் குறைத்தால் மேற்கொண்டு அரிக்காமல் இருக்கும், ஏற்கெனவே விழுந்த குழி மூடாது. அதற்குப் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நாக்கு மாற நாளானது. அரைச் சர்க்கரை டீ முதல் சில வாரங்கள் கஷாயம் போலிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பழைய மாதிரி டீ கொடுத்தார்கள், திகட்டி, பாதியில் வைத்துவிட்டார். இனிப்பைக் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் அதே இனிப்பு முன்பைவிடத் தூக்கலாகத் தெரியத் தொடங்குகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ரத்தம் கொடுத்தார். வெறும் வயிற்றில் 103, எச்பிஏ1சி 5.8. எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. ஏழு டீயின் பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் தினம் 450 முதல் 500 கலோரி வரை வரும். அந்தக் கணக்குப்படி இன்னும் அதிகம் இறங்கியிருக்க வேண்டும், ஆனால் டீ போன இடத்தில் இட்லியும் கடலையும் வந்திருக்கின்றன. மருத்துவர் சந்தோஷப்பட்டார். ஆனால் 5.8 என்பது இன்னும் முன்நீரிழிவுதான் என்பதையும் சொன்னார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டும் வேலை மாறவில்லை, தொப்பை மாறவில்லை. அவர் சொன்ன அரை மணி நடை இன்னும் தொடங்கவே இல்லை.

ஸ்டாண்டில் இப்போது அவரைப் பார்த்து இன்னொருவரும் டீயைக் குறைக்கக் கிளம்பியிருக்கிறார். அவர் ஆறு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். "உன் கதை வேற, என் கதை வேற. நீ மாத்திரை சீட்டை டாக்டர்கிட்ட காட்டிட்டுச் செய்" என்று இவர் தடுத்தார். அது சரியான யோசனை. கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள், அளவு மாற்றாமல் இனிப்பையும் சாப்பாட்டையும் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், பார்வை மங்கல் என்று தொடங்கி மயக்கம் வரை போகும். மாத்திரை அளவை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அந்த நண்பர் டீயை மட்டும் அரைச் சர்க்கரையாக்கியிருக்கிறார். கூடவே, தாழ்சர்க்கரை வந்தால் வாயில் போட்டுக்கொள்ள குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை வண்டியில் வைத்திருக்கிறார்.