உங்களுக்குத் தெரியுமா? – ஷாக் பாடம் ஒரே தாளில்

ஷாக் பற்றிய வகுப்புக் குறிப்புகளை எந்த மாணவரிடம் வாங்கிப் பார்த்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஹைப்போவாலீமிக், அடுத்து கார்டியோஜெனிக், பிறகு செப்டிக். ஒவ்வொன்றுக்கும் கீழே காரணம், அறிகுறி, சிகிச்சை. நோயாளியோ பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதனால் இந்தக் குறிப்பை ஃப்ளோசார்ட்டாக வரையும்போது இந்த மூன்று பெயர்களும் கடைசிக் கட்டங்களில்தான் வர வேண்டும்.

முதல் கட்டத்தில் பிரஷரை எழுதக் கூடாது, தெரியுமா?
எழுபது கிலோ மனிதர் ஒருவர் ஒரு லிட்டர் ரத்தம் இழந்தாலும், படுத்த நிலையில் அவருடைய மேல் பிரஷர் சாதாரணமாகவே இருக்கக்கூடும். ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சமாளிக்கும். ‘பிரஷர் 90-க்குக் கீழா?’ என்று படம் தொடங்கினால் இவர் ‘இல்லை’ அம்புக்குறியில் வீட்டுக்குப் போய்விடுவார். ‘உறுப்புகளுக்கு ரத்தம் போதவில்லையா?’ என்று தொடங்குங்கள். விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆகிறதா, சிறுநீர் குறைந்ததா, பேச்சு குழம்புகிறதா, லாக்டேட் 2-க்கு மேலா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் உள்ளே வரட்டும்.

மூன்று வகையையும் பிரிக்க மூன்றே கேள்விகள் போதும்.
ஆக்ஸிஜன், கையில் இரண்டு பெரிய ஊசி வழிகள், ஈசிஜி, ரத்த மாதிரி ஆகியவை எல்லா வகைக்கும் பொது. அவற்றை ஒரே கட்டத்தில் போட்டுவிட்டுக் கேள்விகளுக்கு வாருங்கள். கை சூடா, குளிர்ச்சியா? சூடாக இருந்து நாடி துள்ளினால் செப்டிக் பக்கம். (உடம்பெல்லாம் தடிப்பும் மூச்சில் விசிலும் இருந்தால் அது அலர்ஜி ஷாக், உடனே தொடையில் அட்ரினலின்.) கை குளிர்ந்திருந்தால், தலைமாட்டை உயர்த்திக் கழுத்து நரம்பைப் பாருங்கள். ஒட்டிக் கிடந்தால் ஹைப்போவாலீமிக். புடைத்திருந்தால் மூன்றாவது கேள்வி: நுரையீரலில் ஈரச் சத்தம் கேட்கிறதா? கேட்டால் கார்டியோஜெனிக்.

கேட்காவிட்டால்?
குறிப்பிலிருந்து படத்துக்கு மாறும்போது பலர் விட்டுவிடும் வாசல் இது. நரம்பு புடைத்து, நுரையீரல் சுத்தமாக இருந்தால் இதய உறையில் நீர், நுரையீரல் தமனியில் ரத்தக் கட்டி, இதயத்தின் வலப்பக்க மாரடைப்பு என்று தேட வேண்டும். ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லையென்றால் நெஞ்சில் காற்று அடைத்திருக்கலாம். மூன்று வகைக்கான படம்தான் என்றாலும் நான்காவது கதவைத் திறந்தே வையுங்கள்.

இப்போது ஒருவரைப் படத்தில் நடத்திப் பார்ப்போம்.
வயது 58, பல வருட சர்க்கரை. காலையிலிருந்து வாந்தியும் வியர்வையும். நெஞ்சுவலி இல்லை. பிரஷர் 80/64, நாடி 112. ‘வாந்தி’ என்று கேட்டதுமே இரண்டு பாட்டில் சலைன் ஏற்றக் கை பரபரக்கும். படம் தடுக்கிறது. கை குளிர்ச்சி. மேல், கீழ் பிரஷர் வித்தியாசம் 16தான். மேல் பிரஷரில் கால் பங்குகூட இல்லை, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுவது குறைவு என்று சந்தேகிக்க அது போதும். கழுத்து நரம்பு புடைப்பு, நுரையீரல் அடியில் ஈரச் சத்தம். ஈசிஜியில் மாரடைப்பு. சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் வரக்கூடியதுதான். அந்த இரண்டு பாட்டில் நுரையீரலை நிரப்பியிருக்கும். இவருக்குத் தேவை அடைப்பை அவசரமாகத் திறப்பது.

செப்டிக் நோயாளியின் கையும் குளிரும், தெரியுமா?
நேரம் கடந்தால் குளிரும். அப்போது அவர் ஹைப்போவாலீமிக் கட்டத்தில் போய் விழுவார். அதனால் ‘காய்ச்சலோ கிருமித் தொற்றின் மூலமோ உண்டா?’ என்ற கேள்வியைக் குளிர்ந்த பக்கத்திலும் ஒருமுறை எழுதுங்கள். உண்டென்றால் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். திரவம் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி, அதாவது 60 கிலோவுக்கு 1,800. சராசரி பிரஷர் 65-ஐ எட்டாவிட்டால் நார்அட்ரினலின். ரத்தப்போக்கு என்றால் சலைனைவிட ரத்தமும், கசியும் இடத்தை அடைப்பதும் முக்கியம்.

வகுப்புக் குறிப்பில் இல்லாதது ஒன்று: திரும்பி வரும் அம்புக்குறி.
குறிப்பு மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். ஒவ்வொரு 250 அல்லது 500 மில்லிக்குப் பிறகும் ‘நாடி, விரல் நுனி, நுரையீரல் பார்’ என்று மேலே ஏறும் அம்பு படத்தில் இருக்க வேண்டும். புதிதாக ஈரச் சத்தம் கேட்டால் திரவத்தை நிறுத்து. மறுபடி கழுத்து நரம்புக் கேள்விக்குப் போ. தொற்றும் பலவீனமான இதயமும் ஒன்றாக இருப்பவர் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காக அடங்கமாட்டார். அவருக்கு எக்கோ என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

வரைந்து முடித்ததும் ஒரு நண்பரிடம் கொடுத்து, ரத்த வாந்தி எடுத்து பிரஷர் 110 இருக்கும் நோயாளி ஒருவரைச் சொல்லுங்கள். அவர் முதல் கட்டத்திலேயே அந்த நோயாளியை வெளியே அனுப்பினால், தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.