எதை நிறுத்துவது? ஒரு யூடியூப் சேனலின் வருடக் கணக்கு

டிசம்பர் கடைசியில் யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் பலரும் அந்த வருடத்தின் மொத்தப் பார்வைகளை எடுத்துப் பார்ப்பார்கள். போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் மகிழ்ச்சி, குறைந்திருந்தால் கவலை. ஆனால் எதை விடுவது, எதைத் தொடர்வது என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. வருடக் கணக்குப் பார்ப்பதே அந்தக் கேள்விக்காகத்தான். எந்த வகை வீடியோ, எந்தத் தளம், எந்தத் தலைப்பு நம் நேரத்தை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தரவில்லை என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தை மீட்க வேண்டும்.

மாடித்தோட்டம் பற்றிச் சேனல் நடத்தும் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வேறு வேலை உண்டு. கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். வருடத்தில் செய்முறை வீடியோ 30, மற்றவர்களின் தோட்டத்துக்குப் போய் எடுத்த வீடியோ 10, ஷார்ட்ஸ் 120, மாதம் ஒரு லைவ் என்று 12. இதெல்லாம் போக, ஃபேஸ்புக் பக்கத்தில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிப் பதில் எழுதுவது.

முதலில் எழுத வேண்டியது பார்வைகளை அல்ல, மணிநேரத்தை. ஒரு செய்முறை வீடியோவுக்கு எடுப்பது, வெட்டுவது, முகப்புப் படம் செய்வது எல்லாம் சேர்த்து 10 மணி என்றால் 30 வீடியோவுக்கு 300 மணி. தோட்ட விசிட்டுக்குப் பயணத்தோடு 18 மணி, பத்துக்கு 180. ஷார்ட்ஸ் சின்னதுதானே என்று தோன்றும். ஒன்றுக்கு ஒன்றரை மணி என்றாலும் அதுவும் 180 ஆகிவிடுகிறது. லைவ் 48, ஃபேஸ்புக் வாரம் ஒரு மணி வீதம் 52. மொத்தம் 760 மணி. இந்தத் தாளை எழுதிய உடனேயே பாதி விஷயம் விளங்கிவிடும். ஷார்ட்ஸும் தோட்ட விசிட்டும் சேர்ந்து வருட உழைப்பில் கிட்டத்தட்ட பாதியை எடுத்திருக்கின்றன.

அடுத்து, அந்த மணிநேரத்துக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜனவரியில் ஏற்றிய வீடியோ பன்னிரண்டு மாதம் பார்வை சேர்த்திருக்கும். நவம்பரில் ஏற்றியதற்குச் சில வாரம்தான் கிடைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நவம்பர் வீடியோ தோற்றதுபோல் தெரியும். அதனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் அது வெளியான முதல் 90 நாள் பார்வையை மட்டும் எடுத்துத் தாளில் எழுதுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவின் பக்கத்திலும் தேதி வரம்பை மாற்ற முடியும். டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பவர்கள், முந்தைய அக்டோபரிலிருந்து இந்த செப்டம்பர் வரை வெளியானவற்றை எடுத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் 90 நாள் முழுதாக முடிந்திருக்கும்.

சராசரியும் ஏமாற்றும். பத்துத் தோட்ட விசிட்டில் ஒன்று ஒரு நடிகரின் வீட்டு மாடி. அதற்கு இரண்டு லட்சம் பார்வை. மற்ற ஒன்பதுக்கும் தலா நான்காயிரம். சராசரி போட்டால் 23,600 வருகிறது. செய்முறை வீடியோக்களோ ஒன்பதாயிரத்தைச் சுற்றியே நிற்கின்றன. ஆக, விசிட்தான் ஜெயித்தது என்று தாள் சொல்லும். பார்வைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். விசிட்டுக்கு நான்காயிரம், செய்முறைக்கு ஒன்பதாயிரம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் கொடுத்து, பாதிக்கும் குறைவான பார்வை வாங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு லட்சம் பேர் வந்தது நடிகருக்காக. அடுத்த வாரம் மண்கலவை வீடியோவை அவர்கள் பார்க்கவில்லை என்பதை திரும்ப வரும் பார்வையாளர் எண்ணிக்கை அந்த மாதத்தில் உயராமல் இருப்பதே காட்டிவிடும்.

90 நாள் கணக்குக்கும் ஒரு குறை உண்டு. மெதுவாக ஓடி நீண்ட நாள் நிற்கும் தலைப்புகளை அது மறைத்துவிடும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்ற வீடியோ வெளியான வாரத்தில் யாரையும் இழுக்காது. பூச்சி வந்தவர்தான் தேடுவார். பூச்சி எப்போது வேண்டுமானாலும் வரும். அதனால் இன்னொரு பட்டியல் தேவை. இந்த வருடம் முழுக்கக் கிடைத்த பார்வையில், முந்தைய வருடங்களில் ஏற்றிய வீடியோக்கள் எவை, அவற்றுக்கு ஆட்கள் யூடியூப் தேடலிலிருந்து வந்தார்களா என்று பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த பூச்சி வீடியோ இன்றும் தினமும் ஆட்களைக் கூட்டி வருகிறதென்றால், அந்தத் தலைப்பைப் பலவீனம் என்று தள்ளிவிடக் கூடாது. நிறுத்தியிருக்கவே கூடாததை நிறுத்திவிடுவது பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பார்க்காததால்தான்.

பலவீனம் என்று தெரிந்தவற்றையும் உடனே வெட்ட வேண்டாம். நோய் எங்கே என்று பார்க்க இரண்டு எண்கள் போதும். ஒன்று, முகப்புப் படத்தைக் கண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தொட்டார்கள் என்பது. உலகெங்கும் உள்ள சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதி 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூபே சொல்கிறது. மற்றொன்று, தொட்டவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது. தொட்டவர் குறைவு, ஆனால் தொட்டவர்கள் கடைசிவரை இருந்தார்கள் என்றால் தலைப்பு நல்லது. பெயரும் படமும்தான் சரியில்லை. அவற்றை மாற்றி இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். நிறையப் பேர் தொட்டு, முதல் அரை நிமிடத்திலேயே போய்விட்டார்கள் என்றால் படத்தில் சொன்னதை வீடியோ தரவில்லை. இரண்டும் குறைவாக, அதுவும் ஐந்தாறு வீடியோக்களில் தொடர்ந்து குறைவாக இருந்தால்தான் அந்த வகைக்கு ஆள் இல்லை என்று முடிவு கட்டலாம். ஒரு வீடியோ நன்றாகப் பரவும்போது, நம்மை அறியாதவர்கள் முன்னும் போய் நிற்பதால் தொடும் சதவீதம் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைத் தோல்வி என்று எண்ணிவிடக் கூடாது.

பருவத்தையும் விட்டுவிடக் கூடாது. விதைப்பு வீடியோவை ஏப்ரல் வெயிலில் போட்டுவிட்டு யாரும் பார்க்கவில்லை என்றால் குற்றம் தலைப்பின் மேல் இல்லை. அதே வீடியோவை ஆடிப்பட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டுப் பார்த்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஷார்ட்ஸைப் பார்க்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் பார்வையை எண்ணும் முறையை மாற்றியது. வீடியோ ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ அது ஒரு பார்வை. எத்தனை நொடி பார்த்தார் என்ற கணக்கே இல்லை. எனவே அந்தத் தேதிக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒப்பிட்டு ‘ஷார்ட்ஸ் வளர்ந்துவிட்டது’ என்று சொன்னால் அது பொய்யான வளர்ச்சி. பழைய முறையில் எண்ணிய கணக்கு ‘என்கேஜ்டு வியூஸ்’ என்ற பெயரில் ஸ்டூடியோவில் இன்னும் இருக்கிறது. வருமானப் பங்கும் அதை வைத்துத்தான். வருடக் கணக்குக்கு அந்த எண்ணையே எடுங்கள். நம் கணவன் மனைவி சேனலில் ஷார்ட்ஸ் பார்த்தவர்கள் செய்முறை வீடியோவுக்கு வரவில்லை என்றால், 180 மணி போனது வேறொரு கூட்டத்துக்கு.

தளங்களைப் பற்றிய முடிவு மனத்துக்குக் கடினமானது. விட்டுவிட்டால் ஆட்கள் போய்விடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவின் பொது வானொலி நிறுவனமான என்.பி.ஆர். 2023 ஏப்ரலில் ட்விட்டரில் பதிவிடுவதை நிறுத்தியது. அது வருடக் கணக்கால் வந்த முடிவு அல்ல. அரசுச் சார்பு ஊடகம் என்று ட்விட்டர் முத்திரை குத்தியதற்கு எதிர்ப்பு. ஆனால் எல்லோருக்கும் பயன்படும் ஒரு சோதனையாக அது அமைந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கையில் ஒரு சதவீதப் புள்ளி அளவே குறைந்திருந்தது. பின்தொடர்பவர் லட்சக்கணக்கில் இருந்தும், அங்கிருந்து வாசலுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதே சோதனையைச் சின்ன அளவில் செய்யலாம். ஃபேஸ்புக்கில் ஏற்றுவதை ஆறு வாரம் நிறுத்திவிட்டு, யூடியூபுக்கு வெளியிலிருந்து வரும் ஆட்களின் எண்ணிக்கை அசைகிறதா என்று பாருங்கள். பண்டிகை வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அசையவில்லை என்றால் பக்கத்தை அழிக்க வேண்டாம். அந்தப் பெயரில் வேறு யாராவது உட்கார்ந்துவிடலாம். ‘இனி யூடியூபில் சந்திப்போம்’ என்று மேலே ஒரு பதிவை நிறுத்தி வைத்தால் போதும்.

நிறுத்துவது என்றால் அழிப்பது இல்லை என்பதை வீடியோவிலும் நினைவில் வைக்க வேண்டும். பழைய விசிட் வீடியோக்களை நீக்கினால், அவை சேர்த்த பார்வை நேரம் வருமானத் தகுதிக்கான 4,000 மணிக் கணக்கிலிருந்து போய்விடும். தேடி வருபவரும் வெறுங்கையோடு திரும்புவார். இருப்பது இருக்கட்டும், புதிதாகச் செய்வதைத்தான் நிறுத்துகிறோம்.

இனி லைவ். எண்ணைப் பார்த்தால் அதுதான் முதலில் போக வேண்டும். அறுபது எழுபது பேர்தான் வருகிறார்கள். ஆனால் தாளின் ஓரத்தில், ஒவ்வொரு நல்ல செய்முறை வீடியோவுக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்வேன். நன்றாக ஓடிய வீடியோக்களில் பல லைவில் யாரோ கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தவை என்று தெரியவரும்போது, அந்த 48 மணியை நான் தொடமாட்டேன். அங்கே கேள்வி கேட்பவர்கள்தான் சேனலுக்கு உயிர். அவர்களை எந்த வரைபடமும் தனியாகக் காட்டாது.

இப்போது பங்கு பிரிக்கலாம். தோட்ட விசிட்டை இரண்டாகக் குறைத்தால் 144 மணி மிச்சம். ஷார்ட்ஸைத் தனியாக எடுப்பதை விட்டு, செய்முறை வீடியோவிலிருந்தே வெட்டி அறுபது மட்டும் போட்டால், ஒன்றுக்கு அரை மணி வீதம் 30 மணிதான் ஆகும். 150 மணி மிச்சம். ஃபேஸ்புக் 52. ஆக 346 மணி. எல்லாவற்றையும் ஜெயித்த ஒரே தலைப்பில் கொட்ட ஆசை வரும். வேண்டாம். 150 மணியில் பதினைந்து பூச்சி, நோய் வீடியோக்கள். 60 மணியில் இன்னும் தேடப்படும் பழைய வீடியோக்களின் பெயர், படம், விளக்கக் குறிப்பைப் புதுப்பிப்பது. 60 மணியில் இதுவரை தொடாத ஒரு தலைப்பில் ஆறு வீடியோ. ஆறுக்குக் குறைந்தால் அடுத்த வருடம் எதையும் சொல்ல முடியாது. மீதி 76 மணியை வீட்டுக்கே கொடுத்துவிடலாம். களைத்துப்போய் நின்றுவிட்ட நல்ல சேனல்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு முடிவின் எதிரிலும் அது தவறு என்று எப்படித் தெரியும் என்பதை அன்றே எழுதிவிட வேண்டும். ‘விசிட்டைக் குறைத்தோம், ஜூன் மாதத்துக்குள் திரும்ப வரும் பார்வையாளர் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மறுபடி மாதம் ஒன்று.’ ‘பூச்சி வீடியோ ஆறு போட்டும் தேடலிலிருந்து ஆள் வராவிட்டால் மீதி ஒன்பதை எடுக்க வேண்டாம்.’ இப்படி எழுதிய தாளை ஜூன் மாதத்தில் ஒரு மாலை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். அதுவரை தினசரி எண்களை வைத்து முடிவை மாற்றக் கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்வதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.