டிசம்பரில் விற்பவர் ஏப்ரலில் எவ்வளவு வரி கட்டுவது?

அமெரிக்காவில் சம்பளக்காரர்களுக்கு வரி மாதாமாதம் பிடித்தமாகிவிடும். சொந்தக் கடை வைத்திருப்பவர் தானே கணக்குப் போட்டு, ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என நான்கு தவணைகளில் முன்வரி கட்ட வேண்டும். அந்த ஆண்டின் மொத்த வரியில் 90 சதவீதமாவது இப்படிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பொது விதி அதை நான்கு சம பங்காகக் கேட்கிறது. வருமானம் ஆண்டு முழுக்கச் சீராக வருகிறது என்பது அதன் அனுமானம்.

கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணமாகாதவர், வேறு வருமானம் இல்லாதவர், கணக்காண்டு 2024. மார்ச் வரை லாபம் 2,000 டாலர், மே வரை 4,000, ஆகஸ்ட் வரை 8,000. டிசம்பர் முடிவில் 90,000. வருமான வரி, சுயதொழில் வரி இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 19,920 டாலர். அதில் 90 சதவீதம் 17,929. சமமாகப் பிரித்தால் தவணைக்கு 4,482. ஏப்ரலில் அவருடைய மொத்த லாபமே அதில் பாதிகூட இல்லை.

இவருக்காகத்தான் வருமானத்தை ஆண்டுக்கணக்காக்கும் முறை இருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும், ஜனவரி 1 முதல் அதுவரை வந்த லாபத்தை எடுத்து, அதே வேகத்தில் போனால் ஆண்டு முழுக்க எவ்வளவு வரும் என்று பெருக்க வேண்டும். மார்ச் வரையிலான லாபத்தை 4 ஆலும், மே வரையிலானதை 2.4 ஆலும், ஆகஸ்ட் வரையிலானதை 1.5 ஆலும் பெருக்குவார்கள். அந்தக் கற்பனை வருமானத்துக்கு வரும் வரியில் முறையே 22.5, 45, 67.5, 90 சதவீதம் அந்தந்தத் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும்.

நம் கடைக்காரரின் 2,000 டாலரை 4 ஆல் பெருக்கினால் 8,000. வரி விதிக்காமல் கழித்துக்கொள்ளும் அடிப்படைத் தொகை அந்த ஆண்டு 14,600 டாலர் என்பதால் வருமான வரி பூஜ்யம். சுயதொழில் வரி மட்டும் 1,130 வருகிறது. அதில் 22.5 சதவீதம், அதாவது 254 டாலர், ஏப்ரலில் கட்டினால் போதும். ஜூனில் 356, செப்டம்பரில் 534. மிச்சம் 16,785 மொத்தமாக ஜனவரியில். வரி ஒரு டாலர்கூடக் குறையவில்லை. கட்டும் நாள்தான் பணம் வரும் நாளோடு சேர்ந்துகொண்டது.

ஆனால் இப்படிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் அபராதம் வரும். வருமான வரித் துறைக்கு அவருடைய மாதவாரி லாபம் தெரியாது. நான்கு சம தவணை வரவில்லை என்பது மட்டுமே தெரியும். வரிக் கணக்கோடு படிவம் 2210ஐ இணைத்து, அதில் ‘சி’ கட்டத்தைக் குறித்து, ‘ஷெட்யூல் ஏஐ’ அட்டவணையை நான்கு காலங்களுக்கும் நிரப்பித் தர வேண்டும். தராவிட்டால், 2024இல் இருந்த 8 சதவீத வட்டி விகிதப்படி இவருக்குச் சுமார் 550 டாலர் அபராதம் விழும்.

தவறு நேர்வது பெரும்பாலும் தேதிகளில்தான். இரண்டாம் காலம் ஜூன் 30இல் அல்ல, மே 31இல் முடிகிறது. மூன்றாவது ஆகஸ்ட் 31இல். கணக்கு மென்பொருள் தரும் காலாண்டு அறிக்கையை அப்படியே எடுத்துப் போட்டால் இந்த இரண்டு காலங்களின் எண்களும் தப்பாகும். அடுத்தது சரக்கு. ஆகஸ்டில் மொத்தமாக வாங்கி அடுக்கிய விளக்குச் சரங்களின் விலை, பொதுவாக அவை விற்கும்போதுதான் செலவாகக் கழியும். வாங்கிய மாதமே கழித்துவிட்டால் செப்டம்பர் தவணை பொய்யாகச் சுருங்கும்.

இந்த முறை எல்லோருக்கும் உதவாது. வசந்தத்திலேயே சம்பாதித்து முடிக்கும் செடி நாற்று வியாபாரிக்கு 4 என்ற பெருக்கல் வருமானத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும். அவருக்குச் சம தவணையே சிறியது, படிவமும் சிறியதையே எடுத்துக்கொள்ளும். போன ஆண்டு வரி குறைவாக இருந்தவர் அந்தத் தொகையை நான்காகப் பிரித்துக் கட்டினாலே அபராதம் இல்லை (முந்தைய ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 110 சதவீதம்). என் கணிப்பில், கையில் பணம் இருந்தால் அதுவே தலைவலி குறைந்த வழி.

இந்தியாவில் இப்படி ஒரு முறை இல்லை. முன்வரி கட்ட வேண்டிய தீபாவளி வியாபாரியும் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பருக்குள் 45, டிசம்பருக்குள் 75, மார்ச்சுக்குள் முழுவதும் என்ற பொதுக் கணக்கில்தான் வழக்கமாக வருவார். இனி வரப்போகும் விற்பனையையும் ஜூனிலேயே ஊகித்தாக வேண்டும்.

அமெரிக்கக் கடைக்காரருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக் கணக்கையும் தாக்கல் செய்து பாக்கி வரியைக் கட்டிவிட்டால், ஜனவரி 15 தவணையைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பண்டிகை விற்பனைக் கணக்கை முடிக்க இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைக்கும்.