தொடையில் எரிச்சல், இடுப்பில் காரணம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் 46 வயதுக்காரர் அவர். நான்கு மாதமாக வலது தொடையின் வெளிப்பக்கம் திகுதிகுவென எரிகிறது என்று வந்தார். எரியும் அதே இடத்தில் தொட்டால் உணர்ச்சியும் சரியாக இல்லை.

"மிளகாய்ப்பொடி தடவின மாதிரி எரியுது சார். ஆனா கிள்ளிப் பார்த்தா வலிக்க மாட்டேங்குது. பேன்ட் துணி உரசினாலே தாங்க முடியல."

எரிவதும் மரத்துப்போவதும் ஒரே இடத்தில் எப்படி நடக்கும் என்பதுதான் அவருடைய பெரிய குழப்பம். நான்கு மாதத்தில் வலி தைலம் தடவியிருக்கிறார், வெந்நீர்ப் பை வைத்திருக்கிறார். முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியிருக்கும் என்று யாரோ சொல்ல, ஸ்கேன் எடுக்கக் கடன் வாங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, "எரியற இடத்தைச் சுத்தி நீங்களே கோடு போடுங்க" என்றேன். போட்டார். இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமும் முன்பக்கத்தில் கொஞ்சமுமாக இறங்கி, முழங்காலுக்கு மேலேயே முடிந்தது அந்தக் கோடு. தொடையின் உட்பக்கம் போகவில்லை. முழங்காலைத் தாண்டி ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பாதி நோயறிதல் அந்தக் கோட்டிலேயே முடிந்துவிட்டது. நம் உடம்பில் அதே எல்லைக்குள் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று இருக்கிறது.

உணர்ச்சி மட்டும் சுமக்கும் நரம்பு

தமிழில் அதை வெளித்தொடைத் தோல் நரம்பு என்று சொல்லலாம். மருத்துவர்கள் லேட்டரல் ஃபெமோரல் கியூட்டேனியஸ் நெர்வ் என்பார்கள். கீழ்முதுகிலிருந்து புறப்படும் நரம்பு வேர்களில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து இந்த நரம்பாகின்றன. இடுப்பெலும்பின் உட்சுவரை ஒட்டி வளைந்து, முன்பக்கம் வந்து, தொடைக்குள் இறங்குகிறது.

இறங்கும் அந்த இடம்தான் சிக்கல். இடுப்பில் கை வைத்து விரல்களை முன்பக்கம் நகர்த்திப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அங்கிருந்து கவட்டை ஓரமாக, பிறப்புறுப்புக்கு மேலிருக்கும் எலும்பு வரை உறுதியான நார்ப்பட்டை ஒன்று சாய்வாகப் போகிறது. எலும்பு முனைக்குச் சற்று உட்புறமாக, பெரும்பாலானவர்களுக்கு ஒரு விரல் அகல இடைவெளிக்குள், அந்தப் பட்டைக்கு அடியில் புகுந்துதான் நரம்பு தொடைக்கு வருகிறது. அதுவும் நேராக வருவதில்லை, திடீரென்று கீழே திரும்பி வருகிறது. ஒரு பக்கம் எலும்பு, மேலே இறுகிய பட்டை, நடுவில் வளைந்து போகும் மெல்லிய நரம்பு. வெளியிலிருந்து அழுத்தம் விழுந்தால் அது விலகிப்போக இடமே இல்லை.

எல்லாருக்கும் இந்தப் பாதை ஒரேமாதிரி அமைவதில்லை. சிலருக்கு நரம்பு பட்டையை ஊடுருவிப் போகும். சிலருக்கு எலும்பு முனையின் மேலேயே ஏறி இறங்கும். ஒரே மாதிரி பெல்ட் அணியும் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் தொடை எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழங்கை ஓரம் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று இழுக்கும் அல்லவா? இடி பட்டது முழங்கையில், துடித்தது விரல். அங்கே ஓடும் நரம்பு விரலுக்குப் போவதால், செய்தி விரலிலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தொடையிலும் அதே கணக்குதான். நசுங்குவது இடுப்பில், எரிவது தொடையில். நசுங்கிய நரம்பு தோலின் உண்மையான செய்திகளைச் சரியாகக் கடத்துவதில்லை, அதனால் மரத்துப்போகிறது. அதே நரம்பு தானாகவே பொய்யான செய்திகளை அனுப்புகிறது, அதை மூளை எரிச்சலாகப் படிக்கிறது. செக்யூரிட்டியின் குழப்பத்துக்கு விடை இதுதான். தைலம் உதவாததும் இதனால்தான். அவர் தடவிய இடத்தில் தோலுக்கு எந்தக் கேடும் இல்லை.

குதிரை வீரர்கள் முதல் காக்கி பெல்ட் வரை

இந்த நோய்க்கு மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று பெயர். மெரோஸ் என்றால் கிரேக்க மொழியில் தொடை, அல்கோஸ் என்றால் வலி. 1895-இல் இந்தப் பெயரை வைத்தவர் ரஷ்ய நரம்பியல் மருத்துவர் விளாடிமிர் ரோத். பெல்ட்டை இறுக்கிக் கட்டும் குதிரைப்படை வீரர்களிடம் இதை அவர் கவனித்ததாக மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். ஜெர்மனியின் மார்ட்டின் பெர்ன்ஹார்ட்டும் அதே காலத்தில் இதை விவரித்திருந்தார். உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன சிக்மண்ட் ஃபிராய்டுக்கும் இந்த எரிச்சல் இருந்தது. அதே 1895-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

நம் செக்யூரிட்டியிடம் குதிரை இல்லை. ஆனால் இரண்டு அங்குல அகலத்தில் தோல் பெல்ட் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்று ஆண்டில் எடை 11 கிலோ கூடியிருந்தது. தொப்பை விழுந்ததும் பெல்ட் இடுப்பின் மேல்பகுதியில் நிற்காமல் வயிற்றுக்குக் கீழே சரிந்து, சரியாக அந்த எலும்பு முனைகளின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பேன்ட் நழுவாமலிருக்க அவர் ஒரு துளை இறுக்கினார். போதாததற்கு வலது முன்பையில் செல்போனும் கேட் சாவிக்கொத்தும். இத்தனையோடு 12 மணி நேரம் நின்றபடி வேலை.

நிற்பது ஏன் கெடுதல்? நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கையில் கால் பின்னே போகும்போதும் இந்த நரம்பு இழுபடுகிறது. உட்கார்ந்தால் தளர்கிறது. "ஸ்டூல்ல உக்காந்தா பரவாயில்ல சார், நின்னாதான் ஏறுது" என்று அவர் சொன்னது இதனால்தான். தொப்பை மிகப் பெரிதாக இருப்பவர்களுக்கு மட்டும், உட்காரும்போது வயிறே மடிந்து அழுத்துவதால், கதை தலைகீழாகலாம். கர்ப்பிணிகளுக்கும், இடுப்பை ஒட்டிப் பிடிக்கும் ஜீன்ஸ் அணிபவர்களுக்கும், கனமான கருவிகளை இடுப்புப் பட்டையில் தொங்கவிடும் தொழிலாளர்களுக்கும் இது வருவதுண்டு. சர்க்கரை நோய் இருந்தால் நரம்பு சிறு அழுத்தத்தையும் தாங்காது.

எப்படி உறுதி செய்வது?

இந்த நரம்பு எந்தத் தசையையும் இயக்குவதில்லை. அதனால் இதில் கோளாறு வந்தால் உணர்ச்சி கெடுமே தவிர, காலின் பலம் குறையாது. அவரை உட்கார்ந்து எழச் சொன்னேன், படியேறச் சொன்னேன். இரண்டும் தடுமாற்றமில்லாமல் செய்தார். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டியபோது இரண்டு காலும் ஒரேமாதிரி துள்ளின. முதுகுத்தண்டில் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் தொடைத்தசை தளர்வதும், இந்தத் துள்ளல் குறைவதும், முதுகிலிருந்து வலி இறங்குவதும் வழக்கம். அவருக்கு எதுவும் இல்லை.

அடுத்து பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். அவர் போட்ட பேனாக் கோட்டுக்குள் மட்டும் தொடுஉணர்ச்சி மங்கியிருந்தது. எலும்பு முனைக்குச் சற்று உட்புறம் விரலால் தட்டியதும், "அதேதான் சார், தொடைக்கு ஓடுது" என்று காலை இழுத்துக்கொண்டார். கடைசியாக, எரிச்சல் இல்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் இடுப்பெலும்பைக் கீழ்நோக்கி முக்கால் நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அப்படிச் செய்தால் அந்த நார்ப்பட்டை தளரும். எரிச்சல் குறைகிறது என்றார். ஸ்கேன் தேவைப்படவில்லை. சர்க்கரை அளவு மட்டும் பார்த்தோம், சரியாக இருந்தது.

அழுத்தம் போனால் நரம்பு தேறும்

சீருடை என்பதால் பெல்ட்டை விட முடியாது. இடுப்புக்குச் சரியான அளவில் பேன்ட் தைத்துக்கொண்டு, பெல்ட்டை இரண்டு துளை தளர்த்தி, பேருக்கு மட்டும் போடச் சொன்னேன். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், உட்கார்ந்திருக்கும்போதும்கூட. போன் சட்டைப்பைக்கும், சாவி கேட் அறை ஆணிக்கும் போயின. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார அனுமதி வாங்கிக்கொண்டார். எரிச்சலால் தூக்கம் கெட்டதால், நரம்பு வலிக்கான மாத்திரை ஒன்றைக் குறைந்த அளவில் இரவில் மட்டும் சில வாரம் கொடுத்தேன். சாதாரண வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. நரம்பு வலி மாத்திரையும் எரிச்சலை அடக்கி வைக்குமே தவிர, பெல்ட்டின் அழுத்தத்தை எடுக்காது.

வெந்நீர்ப் பையை உடனே நிறுத்தச் சொன்னேன். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஆறு வாரத்தில் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்து நான்கு கிலோ குறைந்து வந்தார். உள்ளங்கை அளவில் கொஞ்சம் மதமதப்பு மட்டும் மிச்சம். நரம்பின் உறை மெதுவாகத்தான் சரியாகும், உணர்ச்சி முழுவதும் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவே போதும். தேறாதவர்களுக்கு, நரம்பு நுழையும் இடத்தில் மரப்பூசியும் ஸ்டீராய்டும் கலந்து ஊசி போடுவதுண்டு. அதற்கும் அடங்காத சிலருக்குத்தான் அறுவை சிகிச்சை. அதில் நரம்பை இறுக்கத்திலிருந்து விடுவிப்பார்கள், அல்லது நரம்பையே வெட்டிவிடுவார்கள். வெட்டினால் எரிச்சல் போகும், அந்த இடம் நிரந்தரமாக மரத்துவிடும்.

தொடை எரிச்சல் எல்லாமே பெல்ட்டால் வருவதில்லை. மரப்பு முழங்காலைத் தாண்டி இறங்கினாலோ, படியேறும்போது கால் மடங்கினாலோ, கவட்டையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காரணமில்லாமல் உடல் இளைத்தாலோ பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றி மரத்து, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், எரிச்சல் வெளித்தொடையோடு நிற்கிறதா? இன்று இரவு பெல்ட்டைக் கழற்றியதும் இடுப்பில் அது பதிந்த தடத்தைப் பாருங்கள். அந்தத் தடம் எலும்பு முனையின் மேல் ஓடினால், நாளை காலை இரண்டு துளை தளர்த்திப் போடுங்கள்.