பயிற்சித்தாளோடு கடைக்குப் போங்கள்

டேப்லெட் வாங்கக் கடைக்குப் போனால் பளிச்சென்று ஒரு கடல் வீடியோவை ஓட்டிக் காட்டுவார்கள். எந்தத் திரையிலும் அது அழகாகத்தான் தெரியும். உங்கள் பிள்ளை நாள்தோறும் பார்க்கப்போவது ஆசிரியர் அனுப்பும் பயிற்சித்தாளை. ஆகவே அதில் ஒன்றை, பிடிஎஃப் கோப்பாக, உங்கள் செல்போனில் எடுத்துச்சென்று டேப்லெட்டில் திறந்து பாருங்கள்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 10.1 அங்குல டேப்லெட்டை நெட்டாகப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 13.6 செ.மீ.தான். முழுப் பக்கமும் தெரியவேண்டுமானால் எழுத்துகள் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 8 அங்குலத்தில் பாதியாகிவிடும். படுக்கைவாட்டில் வைத்தால் 10.1 அங்குலத்தில் எழுத்து ஏறக்குறைய அதன் அசல் அளவில் வரும்; ஆனால் பக்கத்தில் பாதிகூடத் தெரியாது. கணக்குப் போடும் பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் 10 அங்குலத்துக்குக் கீழே இறங்கவேண்டாம் என்பேன்.

அட்டையில் 1280 x 800 என்றோ 1920 x 1200 என்றோ போட்டிருப்பது திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. முழுப் பக்கத்தையும் நெட்டாக வைத்துப் பார்க்கும்போது, தாளில் 10 பாயிண்ட் அளவில் அச்சான எழுத்துக்கு முதல்வகைத் திரை 13 புள்ளி உயரம்தான் தரும். இரண்டாவது 20 தரும். 13 புள்ளிக்குள் தமிழ் எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று கண் தடுமாறும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். இதை நீங்கள் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பிள்ளையைக் கூட்டிப்போய், முழுப் பக்கத்தையும் திரையில் வைத்து, கையெட்டும் தூரத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: நெட் மெதுவாக இருந்து நேரலை வகுப்பில் கரும்பலகை மங்கலாக வந்தால், எவ்வளவு நல்ல திரையும் அதைத் தெளிவாக்காது.

சேமிப்பிடம் 64 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் பத்துப் பதினைந்து ஜிபியை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். 32 ஜிபி டேப்லெட்டில் மிச்சமிருப்பதைப் பாட வீடியோக்களும் ஆப்களும் சீக்கிரமே நிரப்பிவிடும். நிரம்பினால் முதலில் ஆப்கள் புதுப்பிப்பை மறுக்கும், பிறகு வீட்டுப்பாடத்தைப் படமெடுக்கவும் இடமிருக்காது. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். படங்களும் பிடிஎஃப்களும் அதில் போகும். ஆப்களில் பெரும்பாலானவை உள்ளேயேதான் இருக்கும்.

‘4+4 ஜிபி ரேம்’ என்ற விளம்பரத்தில் பின்னால் வரும் 4 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அது போதாவிட்டால், பிள்ளை வகுப்பிலிருந்து பயிற்சித்தாளுக்குப் போய்த் திரும்புவதற்குள் வகுப்பு அறுந்துபோயிருக்கும்.

கட்டுப்பாடு வைப்பது டேப்லெட்டை முதன்முதலில் ஆன் செய்யும்போதே தொடங்குகிறது. பல வீடுகளில் அவசரத்துக்கு அப்பாவின் கூகுள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த டேப்லெட் பெரியவருடையது என்றே கூகுள் எடுத்துக்கொள்ளும். பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு தொடங்கி, Family Link ஆப் மூலம் உங்கள் கணக்கோடு இணைத்து, அதைக்கொண்டே டேப்லெட்டைத் திறக்கவேண்டும். பள்ளி கொடுத்த கணக்கை இரண்டாவதாகச் சேர்க்கலாம். வாங்கும் முன் கடையிலேயே Play Store அமைப்புகளில் About பகுதிக்குப் போய், கூகுளின் சான்று பெற்ற கருவிதானா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவுக் கருவிகள் சிலவற்றில் அது இருப்பதில்லை.

ஒன்பது வயதுச் சிறுமிக்குக் காலை 9 முதல் 12 வரை கூகுள் மீட்டில் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தால், 11 மணிக்கு வகுப்பின் நடுவே திரை பூட்டிக்கொள்ளும். அதனால் வகுப்புக்கான ஆப்களை எப்போதும் அனுமதிக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டு, யூடியூபுக்கு மட்டும் அரை மணி என்று தனி வரம்பு வையுங்கள். இரவு 9 மணிக்குமேல் டேப்லெட் தானே பூட்டிக்கொள்ளும்படியும் செய்யலாம். வகுப்பு லிங்க் குரோமில் திறக்கிறதே என்று குரோமை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். வகுப்பு ஆப்பையே நிறுவிவிடுங்கள்.

ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி குரோமுக்குள்தான் வேலை செய்யும். வேறொரு பிரவுசர் வந்துவிட்டால் அது பயனற்றுப்போகும். ஆகவே எந்த ஆப்பை இறக்கவும் உங்கள் அனுமதி வேண்டும் என்று அமைத்து, கேட்டு வரும் ஒவ்வொன்றையும் பார்த்தபிறகே ஒப்புதல் கொடுங்கள். எல்லாம் அமைத்த பிறகு, வகுப்புக்கு முந்தின நாள் மாலை உங்கள் செல்போனிலிருந்து ஒரு மீட் அழைப்பைத் தொடங்கிப் பிள்ளையைச் சேரச் சொல்லுங்கள். மைக்குக்கோ கேமராவுக்கோ அனுமதி விடுபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.