வைஃபை போனாலும் அறுபடாத இணைப்பு

சென்னையில் ஒரு செல்போன், அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள சர்வரிடம் ஒரு பக்கத்தைக் கேட்கிறது. ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர 200 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பகுதி தூரத்துக்கான நேரம் என்பதால், எவ்வளவு வேகமான பிளான் போட்டாலும் இது அதிகம் குறையாது. எத்தனை தடவை போய் வருவது என்பதைத்தான் குறைக்கலாம்.

1981-இல் வரையறுக்கப்பட்ட டிசிபி முறையில், போன் முதலில் ‘சின்’ என்ற பாக்கெட்டை அனுப்பும். தன் பைட்டுகளை எந்த எண்ணிலிருந்து எண்ணப்போகிறது என்று அதில் சொல்லும். சர்வர் ‘சின்-ஆக்’ மூலம் அந்த எண் கிடைத்ததை உறுதிசெய்து, தன் எண்ணையும் சொல்லும். போன் ‘ஆக்’ அனுப்பி அதை ஏற்கும். வழியில் தொலைந்ததையும் வரிசை மாறியதையும் கண்டுபிடிக்க இந்த எண்கள் வேண்டும்.

இதற்கே ஒரு போக்குவரத்து. பிறகு பூட்டுப்போட, அதாவது டிஎல்எஸ் 1.3-க்கு, இன்னொன்று. அதன் பிறகுதான் பக்கத்தைக் கேட்கவே முடியும். மொத்தம் 600 மில்லி விநாடி.

கூகுளில் பிறந்து 2021-இல் பொதுத் தரமான க்விக், யுடிபி மேல் ஓடுகிறது. இணைப்பையும் பூட்டையும் ஒரே போக்குவரத்தில் முடிப்பதால் 400 போதும். முன்பே பழகிய சர்வர் என்றால் முதல் பாக்கெட்டோடு கோரிக்கையும் போய்விடும், 200-தான். ஆனால் அந்தக் கோரிக்கையை ஒருவர் நகலெடுத்து மறுபடி அனுப்ப வாய்ப்புண்டு. பணம் அனுப்ப இந்தக் குறுக்குவழி ஆகாது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானது அடுத்தது. டிசிபி ஒரு இணைப்பை இரு முனைகளின் ஐபி முகவரி, போர்ட் எண் ஆகிய நான்கையும் வைத்தே அடையாளம் காணும். வீட்டைவிட்டு இறங்கி வைஃபை போய் மொபைல் டேட்டா வந்தால், போனின் முகவரி மாறிவிடும். சர்வரோ பழைய முகவரிக்கே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆப் எல்லாவற்றையும் ‘சின்’னிலிருந்து தொடங்க வேண்டும்.

க்விக்கில் இணைப்புக்கென்றே தனி அடையாள எண் உண்டு. உதிரி எண்கள் சிலவற்றை சர்வர் முன்னதாகவே ரகசியமாகக் கொடுத்திருக்கும். புதிய வழிக்கு வந்ததும் போன் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். வழியில் வேவு பார்ப்பவருக்கு, வைஃபையில் இருந்தவர்தான் இவர் என்பது அந்த எண்ணைப் பார்த்துத் தெரியாது.

சர்வர் உடனே நம்பிவிடாது. யாரோ ஒருவரின் முகவரியைப் போட்டு, அவர் தலையில் வீடியோவைக் கொட்டவைக்க முடியுமே! அதனால் எட்டு பைட் புதிர் ஒன்றை அனுப்பும். அதே எட்டும் திரும்பி வரும்வரை, அந்த முகவரியிலிருந்து வந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் அனுப்பாது. பூட்டுச் சாவி பழையதே. வேகக் கணிப்பு மட்டும் பொதுவாகப் புதிதாகத் தொடங்கும். வீடியோ ஒரு கணம் மங்கினால் அதுவும் காரணமாகலாம்.

சர்வர்களுக்கு முன்னால் சுமையைப் பகிரும் கருவி முகவரியை மட்டும் பார்த்தால், இடம் மாறிய பாக்கெட் வேறு சர்வருக்குப் போய் இணைப்பு அறுந்துவிடும். சில அலுவலக நெட்வொர்க்குகள் யுடிபியையே தடுக்கும்; அப்போது பிரவுசர் டிசிபிக்குத் திரும்பும். எது ஓடுகிறது என்று அறிய, கம்ப்யூட்டரில் குரோமின் டெவலப்பர் கருவியைத் திறந்து, Network பகுதியில் Protocol பத்தியைப் பாருங்கள். h3 என்றிருந்தால் க்விக். h2 அல்லது http/1.1 என்றால் டிசிபி.