படத்துக்குக் கீழே நாலு வரி

முன்னாள் மாணவர் சந்திப்பு முடிந்த இரவே படங்கள் முகநூலில் ஏறிவிடும். சிக்கல், கீழே எழுதும் குறிப்பில்தான். "விழா இனிதே நடந்தேறியது, அனைவருக்கும் நன்றி" என்றால் யாருக்கும் நன்றி சொன்னதாகாது.

கைபேசியில் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதி 'மேலும்' என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். அந்த இடத்தைப் பதவிப் பெயர்களுக்குக் கொடுப்பது வீண். இப்படித் தொடங்கலாம்: "அதே பெஞ்சு, அதே அரட்டை. மதியச் சாப்பாடு 1998 செட்டின் செலவு. பந்தி பரிமாறியது 2015 செட்."

கொடையாளர் எதற்குக் கொடுத்தார் என்று சொன்னால் போதும். தொகையைப் போட்டால் குறைவாகக் கொடுத்தவர் அடுத்த முறை ஒதுங்கிவிடுவார். பந்தல்காரர் வாடகை வாங்கவில்லையா? அவர் கடையின் பக்கத்தை இணைத்துவிடுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

உழைத்தவர்களைப் பெயர் பெயராக அடுக்கினால் ஒருவராவது விடுபடுவார், மனத்தாங்கல் வரும். "நாற்காலி சுமந்தவர்கள், வாசலில் பெயர் பதிந்தவர்கள்" என வேலையைச் சொல்லி நன்றி கூறுவது பத்திரம்.

"அடுத்த வருடம் சந்திப்போம்" என்பது அழைப்பே இல்லை. "பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு, காலை 10 மணி, பள்ளி மைதானம்" என்று எழுதுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. பண்டிகை டிக்கெட்டோ சீக்கிரம் தீர்ந்துபோகும். வெளியூர்க்காரருக்கு இப்போதே தேதி வேண்டும்.